வரைபடத்தின் விகிதமும் நடந்து கண்ட தூரமும்

தோட்ட அலுவலகத்தின் சுவரில் தொங்கும் வரைபடத்தைப் பார்த்திராத தொழிலாளர் மிகச் சிலரே. வெட்டுக்காடுகள், லயங்கள், ஆறு, செம்மண் சாலை, பால் கொட்டகை ஆகிய யாவும் அதில் கோடுகளாகவும் கட்டங்களாகவும் இடம்பெற்றிருக்கும். அதன் மூலையில் 1:5,000 என்பதைப் போன்ற ஓர் எண் சிறிய எழுத்தில் காணப்படும். வரைபடத்தில் உள்ள தூரத்திற்கும் தரையில் உள்ள தூரத்திற்கும் இடையேயான உறவை அந்த எண்தான் கூறுகிறது. ஆயினும் வரைபடம் நகலெடுக்கப்பட்டுக் கைமாறும்போது, எண் அப்படியே நிற்க, அது கூறும் உறவு மட்டும் பொய்யாகிவிடக்கூடும். அந்தப் பொய்யை நம்பிப் பணம் செலவிட்டால், நட்டம் செலவிட்டவர்களைச் சேரும்.

இக்கட்டுரையில் மூன்று செய்திகளைக் காண்போம். விகிதத்தைத் தரையின் தூரமாக மாற்றுவது எவ்வாறு? அவ்வாறு கிடைத்த தூரம் சரிதானா என்பதை நாமே அளந்து அறிவது எவ்வாறு? இரண்டும் ஒத்துவராவிட்டால், பிழை எங்கே உள்ளதென்று கண்டறிவது எவ்வாறு?

விகிதம் கூறுவது என்ன?

1:5,000 என்றால், வரைபடத்தில் 1 அளவு தரையில் 5,000 அளவுக்குச் சமம் என்பது பொருள். எந்த அளவையை எடுத்துக்கொண்டாலும் இது பொருந்தும். வரைபடத்தில் ஒரு செண்டிமீட்டர் என்றால் தரையில் 5,000 செண்டிமீட்டர். வரைபடத்தில் ஓர் அங்குலம் என்றால் தரையில் 5,000 அங்குலம். இரு பக்கமும் ஒரே அளவையாக இருக்க வேண்டும் என்பதே இங்குள்ள ஒரே நிபந்தனை.

தரையின் தூரத்தை நாம் செண்டிமீட்டரில் கூறுவதில்லை, மீட்டரில் கூறுகிறோம். 100 செண்டிமீட்டர் ஒரு மீட்டர் ஆகையால், விகிதத்தின் பெரிய எண்ணிலிருந்து கடைசி இரண்டு சுழியங்களை நீக்கிவிட்டால், வரைபடத்தின் ஒரு செண்டிமீட்டருக்குத் தரையில் எத்தனை மீட்டர் என்பது கிடைத்துவிடும். 1:5,000 எனில் 50 மீட்டர். 1:10,000 எனில் 100 மீட்டர். மலேசிய நில அளவை, வரைபடத் துறை வெளியிடும் 1:50,000 நிலவரைபடத்தில் 500 மீட்டர், அதாவது அரைக் கிலோமீட்டர்.

எண் பெரிதானால் வரைபடம் பெரிதாகும் என்று எண்ணிவிடக் கூடாது. எண் பெரிதாக ஆக, தரை மேலும் சுருக்கப்பட்டுள்ளது என்பதே பொருள். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள சாலை 1:5,000 வரைபடத்தில் 20 செண்டிமீட்டர் நீளத்திற்கு வரும். 1:50,000 வரைபடத்தில் 2 செண்டிமீட்டரில் அடங்கிவிடும்.

சங்கிலிக் காலத்து வரைபடங்கள்

பழைய தோட்ட வரைபடங்களில் விகிதம் இராமல், ஓர் அங்குலத்திற்கு எட்டுச் செயின் என்பதைப் போன்ற குறிப்பு இருக்கக்கூடும். செயின் என்பது நில அளவையாளர் பயன்படுத்திய சங்கிலி அளவு. அதன் நீளம் 66 அடி. நம் கணக்கில் 20 மீட்டருக்குச் சற்றே அதிகம். 80 செயின் ஒரு மைல். 66 அடியை 8-ஆல் பெருக்கி, அதனை அங்குலமாக்க 12-ஆல் பெருக்கினால் 6,336 வரும். ஆகவே அந்த வரைபடத்தின் விகிதம் 1:6,336. முன்னாளில் தீபகற்பத்திற்கென அச்சிடப்பட்ட நிலவரைபடங்களில் ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறித்தது. ஒரு மைலில் 63,360 அங்குலம் உண்டு. எனவே அவற்றின் விகிதம் 1:63,360.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து மீட்டர் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆனால் பழைய தாள்கள் மறைந்துவிடவில்லை. எனவே ஒரு வரைபடத்தைக் கையில் எடுத்தவுடன், அதன் மூலையில் இருப்பது மீட்டர் முறை விகிதமா, செயின் அளவா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். 1:6,336 என்றிருந்தால், ஒரு செண்டிமீட்டருக்கு 63 மீட்டரும் சற்றும் என்று மேற்கூறிய முறையிலேயே கணக்கிடலாம்.

ஓர் உதாரணம்: குழாய் பதிக்கும் வேலை

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் செல்வோம். ஒரு தோட்டத்தில், தொழிற்சாலை அருகே உள்ள நீர்த்தொட்டியிலிருந்து மேட்டு லயத்திற்குச் சாலையோரமாகத் தண்ணீர்க் குழாய் பதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குழாய், 100 மீட்டர் நீளமுள்ள சுருள்களாகக் கடையில் கிடைக்கிறது. லயத்துக் குடும்பங்கள் தங்களுக்குள் பணம் திரட்டிக் குழாயை வாங்க முன்வந்துள்ளன. எத்தனை சுருள் வாங்குவது? அலுவலகத்திலிருந்து கிடைத்த ஏ4 தாள் நகல் ஒன்று அவர்களிடம் உள்ளது. அதில் 1:5,000 என்று தெளிவாக அச்சிடப்பட்டுள்ளது.

நகலில் சாலை வளைந்து செல்கிறது. வளைந்த கோட்டை நேரான அளவுகோலால் அளக்க இயலாது. நூலைக் கோட்டின்மேல் படியவிட்டு அளக்கலாம். ஆனால் இழுத்துப் பிடிக்கும்போது நூல் நீளும், தளர்ந்தால் குறுகும். அதைவிட நம்பகமான முறை, நேரான விளிம்புள்ள ஒரு காகிதத் துண்டைப் பயன்படுத்துவது.

காகித விளிம்பின் ஒரு முனையைத் தொட்டியின்மேல் வைத்து, சாலையின் முதல் நேர்ப்பகுதியோடு ஒட்ட வைக்க வேண்டும். சாலை திரும்பும் இடத்தில் விளிம்பின்மேல் ஒரு சிறு கோடு இட வேண்டும். பென்சில் முனையை அந்தப் புள்ளியிலேயே ஊன்றி, காகிதத்தைச் சாலையின் அடுத்த பகுதியோடு ஒட்டும்வரை திருப்ப வேண்டும். மீண்டும் சாலை திரும்பும் இடத்தில் ஒரு கோடு. வளைவு அதிகமாக உள்ள இடத்தில் சிறு சிறு அடிகளாக வைத்துச் செல்ல வேண்டும். இவ்வாறு லயம்வரை சென்றபின், காகித விளிம்பில் முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடுவரை உள்ள நீளமே வரைபடத்தில் சாலையின் நீளம். அதனைச் சாதாரண அளவுகோலால் அளந்துகொள்ளலாம்.

நம் உதாரணத்தில் அது 17.0 செண்டிமீட்டர். விகிதப்படி ஒரு செண்டிமீட்டருக்கு 50 மீட்டர். 17 தடவை 50 என்றால் 850 மீட்டர். ஒன்பது சுருள் வாங்கினால் 900 மீட்டர். 50 மீட்டர் மிச்சமும் இருக்கும். கணக்கில் தவறொன்றும் இல்லை. பலரும் இத்துடன் நிறுத்திக்கொண்டு கடைக்குப் புறப்பட்டுவிடுவர். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு காலைப் பொழுதைச் செலவிட்டுச் சாலையை அளந்து பார்ப்பதே முறை.

மிதிவண்டிச் சக்கரம் என்னும் அளவுகோல்

மோட்டார் சைக்கிளில் சென்று, அதன் தூரமானியைப் பார்த்தால் முதற்சோதனையாக அமையும். ஆனால் அது நூறு நூறு மீட்டராகவே காட்டும். வண்டிக்கு வண்டி சிறிது மாறியும் காட்டும். குழாய் வாங்குவதற்கு அது போதாது. ஒவ்வொரு தோட்டத்திலும் கிடைக்கும் மிதிவண்டியே இதற்கு நல்ல கருவி.

சக்கரத்தின் அளவு டயரில் அச்சிடப்பட்டிருந்தாலும், அதனை நம்பிக் கணக்கிடுதல் கூடாது. காற்றின் அளவையும் டயரின் தேய்மானத்தையும் பொறுத்து, ஒரு சுற்றில் சக்கரம் கடக்கும் தூரம் மாறும். முன்சக்கரத்தின் ஓர் ஆரக்கம்பியில் வண்ணத் துணி ஒன்றைக் கட்டி, அது தரைக்கு நேரே வரும் நிலையில் தரையில் ஒரு கோடு இட வேண்டும். பிறகு சமதரையில், நேர்கோட்டில், ஏறி அமராமல் கையால் தள்ளிக்கொண்டு 20 சுற்றுச் சென்று, துணி மீண்டும் தரைக்கு நேரே வரும் இடத்தில் மற்றொரு கோடு இட வேண்டும். இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளவு நாடாவால் அளக்க வேண்டும். நம் உதாரணத்தில் அது 43.0 மீட்டர். 20-ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 2.15 மீட்டர். ஒரே ஒரு சுற்றை மட்டும் அளந்தால் ஓர் அங்குலப் பிழைகூட நெடுந்தூரத்தில் பெரிதாகிவிடும். இருபது சுற்றை அளந்து வகுக்கும்போது அந்தப் பிழையும் இருபது பங்காகக் குறைந்துவிடுகிறது.

இப்போது தொட்டியிலிருந்து லயம்வரை மிதிவண்டியைத் தள்ளிச் செல்ல வேண்டும். ஒருவர் தள்ள, மற்றொருவர் துணியைக் கவனித்துச் சுற்றுகளை எண்ணுவது நன்று. பத்துச் சுற்று முடியும்போதெல்லாம் ஒரு ரப்பர் கொட்டையை ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாற்றினால் எண்ணிக்கை தவறாது. குழாய் சாலையின் எந்த ஓரமாகச் செல்லுமோ அந்த ஓரமாகவே தள்ள வேண்டும். வளைவுகளைக் குறுக்கே கடந்துவிடக் கூடாது. சேறும் பெருங்கல்லும் இல்லாத நாளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். சக்கரம் சறுக்கினால் எண்ணிக்கை குறைந்துவிடும்.

போகும்போது 574 சுற்று, திரும்பும்போது 576 சுற்று. வேறுபாடு இரண்டே சுற்று, அதாவது நான்கு மீட்டர் அளவு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீட்டரில் இது பொருட்படுத்தத் தக்கதன்று. இவ்விரண்டும் இருபது முப்பது சுற்று வேறுபட்டிருந்தால், எண்ணிக்கை தவறியிருக்கும். மீண்டும் அளக்க வேண்டியதுதான். சராசரியாக 575 சுற்று. 575 தடவை 2.15 மீட்டர் என்றால் 1,236 மீட்டர்.

வரைபடம் கூறியது 850. சாலை கூறுவது 1,236. ஒன்பது சுருளை வாங்கியிருந்தால், குழாய் லயத்தை எட்டுவதற்கு 336 மீட்டர் முன்பாகவே முடிந்துபோயிருக்கும்.

பிழை யாருடையது?

இந்த நிலையில் வரைபடத்தைத் தூக்கி எறிவதும் தவறு; நம் அளவையே தவறென்று ஒதுக்குவதும் தவறு. இத்தகைய வேறுபாட்டுக்கு மூன்று காரணங்களே பெரும்பாலும் இருக்கும். நகல் சுருங்கியிருக்கலாம், சாலையின் நெளிவுகளை வரைபடம் முழுமையாகக் காட்டாமல் இருக்கலாம், நாம் அளந்ததில் தவறு நேர்ந்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. நகல் சுருங்கியிருந்தால், நேரான பகுதியானாலும் வளைந்த பகுதியானாலும், தாள் முழுவதும் ஒரே விகிதத்தில் வேறுபாடு தோன்றும். நெளிவு காரணமானால், நேரான பகுதி சரியாக இருக்கும். வளைந்த பகுதியில் மட்டும் வேறுபாடு தோன்றும்.

ஆகவே நேரான ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து அளப்பதே அடுத்த வேலை. இரு முனைகளும் வரைபடத்திலும் தரையிலும் ஐயமின்றித் தெரிய வேண்டும். நம் உதாரணத்தில், சாலையின் சமதரைப் பகுதியில் இரு சிறு பாலங்கள் உள்ளன. இடையே சாலை நேராகச் செல்கிறது. நகலில் அவற்றின் இடைவெளி 4.2 செண்டிமீட்டர். 1:5,000 எனில் தரையில் 210 மீட்டர் இருக்க வேண்டும். 50 மீட்டர் நாடாவை வைத்து அளந்தால், ஐந்து முழு நாடாவும் அதற்குமேல் 47 மீட்டரும், ஆக 297 மீட்டர் வருகிறது. அதே தூரத்தில் மிதிவண்டிச் சக்கரம் 138 சுற்றுச் சுற்றியது. 138 தடவை 2.15 என்பதும் 297 மீட்டரே. நாடாவும் சக்கரமும் ஒன்றையே கூறுவதால் நம் அளவை சரியானது என்பது உறுதியாயிற்று.

வளைவே இல்லாத இடத்திலும் வேறுபாடு இருப்பதால், பிழை நகலில்தான் உள்ளது. அப்படியானால் நகலின் உண்மையான விகிதம் என்ன? தரையின் தூரத்தைச் செண்டிமீட்டராக்கி, வரைபடத்தின் தூரத்தால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். 297 மீட்டர் என்பது 29,700 செண்டிமீட்டர். அதனை 4.2-ஆல் வகுத்தால் 7,071. அதாவது நம் கையில் உள்ள தாளின் விகிதம் 1:5,000 அன்று; ஏறத்தாழ 1:7,070.

ஒரே இடத்தில் அளந்து முடிவுக்கு வருதல் கூடாது. வேறொரு திசையில் செல்லும் மற்றொரு நேர்க்கோட்டையும் அளந்து பார்க்க வேண்டும். நம் தோட்டத்தில் காட்டின் எல்லைக்கோடு ஒன்று பாலச் சாலைக்குக் குறுக்காகச் செல்கிறது. நகலில் அது 3.0 செண்டிமீட்டர், தரையில் 212 மீட்டர். 21,200-ஐ 3-ஆல் வகுத்தால் 7,067. முந்திய விடையும் இதுவும் ஏறக்குறைய ஒன்றே. நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் நகல் ஒரே சீராகச் சுருங்கியுள்ளது என்பது இதனால் விளங்கும். இரண்டு விடைகளும் வெகுவாக மாறியிருந்தால், அந்த நகல் கோணலாகிவிட்டது என்று பொருள். சுவரில் தொங்கும் வரைபடத்தைக் கைப்பேசியால் சாய்வாகப் படம் பிடித்து அச்சிட்டால் இவ்வாறு நேரும். அத்தகைய தாளுக்கு எந்த ஒரு விகிதமும் பொருந்தாது. தூரம் அளக்க அது உதவாது.

1.41 என்னும் அடையாளம்

7,070-ஐ 5,000-ஆல் வகுத்தால் 1.41 வரும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நலம். ஏ3 தாளில் உள்ள படத்தை ஏ4 தாளில் அடங்குமாறு நகல் இயந்திரம் சுருக்கும்போது, ஒவ்வொரு நீளமும் நூற்றுக்கு 71 பங்காகக் குறைகிறது. 10 செண்டிமீட்டர் கோடு ஏறத்தாழ 7.1 செண்டிமீட்டர் ஆகிவிடும். ஆனால் 1:5,000 என்னும் எழுத்து, சிறிதாகிவிட்டாலும், 1:5,000 என்றே படிக்கப்படும். எண்ணுக்குத் தான் சுருங்கியது தெரிவதில்லை. ஆகவே, தரையின் தூரம் வரைபடக் கணக்கைப்போல் 1.41 மடங்காக எங்கும் வருமானால், பெரிய தாள் ஒன்று சிறிய தாளுக்குச் சுருக்கப்பட்டுள்ளது என்று ஐயுறலாம்.

இத்தகைய ஏமாற்றத்தைத் தவிர்க்கவே, வரைபடம் வரைவோர் விகிதத்தோடு கோட்டு அளவுத்திட்டம் ஒன்றையும் வரைகின்றனர். 0, 100, 200, 300 மீட்டர் என்று குறிக்கப்பட்ட சிறு கோடே அது. தாள் சுருங்கினால் அந்தக் கோடும் உடன் சுருங்கும். பெருத்தால் உடன் பெருக்கும். ஆகவே அது என்றும் பொய்யுரைக்காது. 1:5,000 வரைபடத்தில் 500 மீட்டரைக் குறிக்கும் கோடு 10 செண்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். நகலில் அது 7.1 செண்டிமீட்டராக இருந்தால், சாலைக்குச் செல்லாமலேயே உண்மை தெரிந்துவிடும். நகலெடுக்கும்போது தாளின் அடிப்பகுதி வெட்டுப்பட்டு அந்தக் கோடு விடுபட்டுப்போவதும் உண்டு. அந்த நிலையில் நாம் மேலே செய்ததைப்போல் தரையைத்தான் கேட்க வேண்டும்.

கைப்பேசித் திரையில் தோன்றும் வரைபடத்திற்கும் இதுவே விதி. விரலால் படத்தை விரித்தாலும் சுருக்கினாலும் விகித எண்ணுக்குப் பொருளில்லாமல் போகும். படத்தோடு சேர்ந்து மாறும் கோட்டு அளவுத்திட்டத்தை மட்டுமே நம்பலாம்.

எஞ்சிய 34 மீட்டர்

திருத்திய விகிதத்தைக் கொண்டு மீண்டும் கணக்கிடுவோம். ஒரு செண்டிமீட்டருக்கு 70.7 மீட்டர். 17.0 செண்டிமீட்டருக்கு 1,202 மீட்டர். சக்கரம் காட்டியது 1,236 மீட்டர். இன்னும் 34 மீட்டர் இடிக்கிறது. இது எங்கிருந்து வந்தது?

சாலையை இரு பகுதியாகப் பிரித்துப் பார்ப்போம். தொட்டியிலிருந்து மேட்டின் அடிவாரம்வரை சமதரை. அங்கிருந்து லயம்வரை மேடு. சமதரைப் பகுதி நகலில் 10.9 செண்டிமீட்டர், திருத்திய விகிதப்படி 771 மீட்டர். சக்கரம் அங்கே 360 சுற்றுச் சுற்றியது. அது 774 மீட்டர். வேறுபாடு மூன்றே மீட்டர். மேட்டுப் பகுதி நகலில் 6.1 செண்டிமீட்டர், அது 431 மீட்டர். சக்கரம் 215 சுற்று. அது 462 மீட்டர். வேறுபாடு 31 மீட்டர். ஆகவே எஞ்சிய வேறுபாடு ஏறத்தாழ முழுவதும் மேட்டில்தான் உள்ளது.

சரிவான சாலையானதால் தூரம் கூடிற்று என்று உடனே எண்ணத் தோன்றும். வரைபடம் தூரத்தைச் சமதளத்தில் வைத்தே காட்டுகிறது. மேட்டில் ஏறிச் செல்லும் நீளம் அதைவிடச் சற்று அதிகம் என்பது உண்மையே. ஆனால் எவ்வளவு அதிகம்? 431 மீட்டர் தூரத்தில் சாலை 40 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். வண்டிகள் திணறும் ஏற்றந்தான் அது. சமதளத் தூரத்தின் வர்க்கத்தையும் உயரத்தின் வர்க்கத்தையும் கூட்டி, அதற்கு வர்க்கமூலம் கண்டால் சரிவின் நீளம் கிடைக்கும். விடை 433 மீட்டர். அதாவது, கால்களுக்கு அவ்வளவு கடினமாகத் தோன்றும் ஏற்றம் தூரத்தில் சேர்ப்பது இரண்டு மீட்டர் மட்டுமே. மலைமேல் ஏறும்போது தூரம் கூடுதலாகத் தோன்றுவது பெரும்பாலும் களைப்பினால்தான்.

மற்ற 29 மீட்டருக்குச் சாலையின் நெளிவே காரணம். மேட்டில் ஏறும் செம்மண் சாலை, மழைநீர் அரித்த பள்ளங்களையும் பாறைகளையும் சுற்றிக்கொண்டு சிறு சிறு திருப்பங்களாகச் செல்கிறது. வரைபடம் வரைந்தவர் அத்தனை திருப்பத்தையும் அந்தச் சிறு இடத்தில் காட்ட இயலாமல், ஒரு சீரான வளைவாக இழுத்துவிடுகிறார். இது பிழையன்று, சிறிய அளவில் வரையும்போது தவிர்க்க முடியாத ஒன்று. இதனால் வளைந்து செல்லும் பாதையை வரைபடத்தில் அளந்தால், உண்மையைவிடக் குறைவாகவே வரும். காகிதத் துண்டை எவ்வளவு கவனமாகத் திருப்பினாலும், வரையப்படாத திருப்பத்தை அளக்க இயலாது.

எவ்வளவு ஒத்திருந்தால் போதும்?

சமதரைப் பகுதியில் வந்த மூன்று மீட்டர் வேறுபாட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. பென்சில் கோட்டின் பருமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். நம் நகலில் அரை மில்லிமீட்டர் என்பது தரையில் மூன்றரை மீட்டர். கோட்டின் பருமனுக்குள் அடங்கும் வேறுபாட்டை வரைபடத்தினால் தீர்க்க முடியாது. ஆனால் 31 மீட்டர் என்பது நகலில் நான்கு மில்லிமீட்டருக்கும் அதிகம். அது கண்ணுக்குத் தெரியும் அளவு. அதற்குத்தான் காரணம் தேட வேண்டும்.

இதே அரை மில்லிமீட்டர் 1:50,000 வரைபடத்தில் 25 மீட்டராகிவிடும். பட்டணத்து மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்று அறிவதற்கு அந்த வரைபடம் நன்கு பயன்படும். குழாய்க்கும் வேலிக்கும் நீளம் காண அது ஏற்றதன்று. பொதுச்சாலையில் அந்த வரைபடத்தைச் சோதிக்க விரும்புவோர், அடுத்தடுத்த இரு கிலோமீட்டர்க் கற்களின் இடைவெளி சாலை வழியே 2 செண்டிமீட்டராக வருகிறதா என்று பார்க்கலாம். சாலை பின்னாளில் நேராக்கப்பட்ட இடங்களில் கற்கள் பழைய தூரத்தையே காட்டக்கூடுமாதலால், ஒரு கல்லை மட்டும் நம்பாமல், பல கற்களைச் சேர்த்துப் பார்ப்பது நன்று.

பரப்பளவில் இன்னும் பெரிய இழப்பு

சுருங்கிய நகலில் நிலத்தின் பரப்பைக் கணக்கிடுவோர் கூடுதல் விழிப்புடன் இருக்க வேண்டும். நீளமும் அகலமும் தனித்தனியே சுருங்குவதால், பரப்பு இரு மடங்கு பாதிப்புக்கு உள்ளாகிறது. 1.41-ஐ 1.41-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2. ஏ3 தாளிலிருந்து ஏ4 தாளுக்குச் சுருக்கிய நகலில், அச்சிட்ட விகிதப்படி 3 ஹெக்டர் என்று கணக்கிடப்படும் காடு, உண்மையில் 6 ஹெக்டராக இருக்கும். புல்வெட்டுக்கோ மருந்தடிப்புக்கோ ஹெக்டர் கணக்கில் குத்தகை பேசுவோர், கையில் உள்ள நகலின் விகிதத்தைச் சோதிக்காமல் ஒப்புக்கொண்டால், பாதி வேலைக்குக் கூலி பெறாதவர் ஆவர்.

வேலையை முடிக்கும் முறை

நம் உதாரணத்தில் லயத்து மக்கள் 1,236 மீட்டர் என்னும் நீளத்தையே ஏற்க வேண்டும். 1,202 மீட்டரை அன்று. குழாய் சாலையின் நெளிவோடுதான் செல்லப்போகிறது. வரைபடத்தின் சீரான வளைவோடு அன்று. பதின்மூன்று சுருள் வாங்கினால் 1,300 மீட்டர் வரும். மிச்சமுள்ள 64 மீட்டர் தொட்டியருகே இணைப்பதற்கும் லயத்தினுள் கொண்டுசெல்வதற்கும் உதவும். குழாய் நீண்டால் உராய்வினால் நீரின் வேகமும் குறையும் என்பதனால், கடைக்காரரிடம் குழாயின் பருமனைக் கேட்கும்போதும் 850 மீட்டர் என்று கூறாமல், 1,236 மீட்டர் என்றே கூற வேண்டும். மேட்டின் உயரத்தையும் உடன் தெரிவிக்க வேண்டும்.

இறுதியாக ஒரு சிறு வேலை எஞ்சியுள்ளது. அந்த நகலில் அச்சிட்டுள்ள 1:5,000 என்பதை அடித்துவிட்டு, அதனருகே 1:7,070 என்று மையினால் எழுதி, பாலங்களுக்கு இடையே 297 மீட்டர் என்று அளந்த செய்தியையும், அளந்த நாளையும் குறித்து வைக்க வேண்டும். கூடவே 7.07 செண்டிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு வரைந்து, 500 மீட்டர் என்று குறிக்கலாம். நாளை அந்த நகலிலிருந்து வேறொருவர் மற்றொரு நகல் எடுத்தாலும், எழுதிய எண் மாறாமல் நின்று ஏமாற்றினாலும், அந்தக் கோடு தாளோடு சேர்ந்து சுருங்கி உண்மையைக் காட்டும். கோடும் விடுபட்டுப்போயிருந்தால், இரு பாலங்களும் 297 மீட்டர் இடைவெளியில் அங்கேயேதான் இருக்கும்.